வட்டியில் பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் காகிதம்

சென்ற ஆண்டு ஜூலை முதல் வாரம் கும்பகோணத்திலிருந்து சித்தி போன் செய்தார். குரலில் பதற்றம். "பேங்க்ல ஏதோ தப்பு பண்ணிட்டாங்கடா. ஐம்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு விழணும், நாப்பத்தேழாயிரத்து இருநூத்தைம்பதுதான் விழுந்திருக்கு."

கணக்குப் போட எனக்கு நேரம் ஆகவில்லை. குறைந்தது 5,250 ரூபாய், சரியாகப் பத்தில் ஒரு பங்கு. முப்பது வருஷம் வங்கிக் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்தவனுக்கு இந்தப் பத்தில் ஒரு பங்கு பழகிய முகம். யாரும் தப்புப் பண்ணவில்லை, டி.டி.எஸ். பிடித்திருக்கிறார்கள். "இந்த வருஷம் 15எச் குடுத்தீங்களா?" என்று கேட்டேன். "போன வருஷம் குடுத்தேனே" என்றார்.

எல்லா வீட்டிலும் இந்தப் பதில்தான் வரும். வங்கியில் ஒருமுறை கையெழுத்துப் போட்டுக் கொடுத்த எதுவும் நாம் மாற்றும்வரை அப்படியே இருக்கும் என்று நினைப்பது இயல்பு. நாமினி அப்படித்தான் இருக்கிறது, டெபாசிட் தானாகப் புதுப்பித்துக்கொள்வதும் அப்படித்தான். இந்தக் காகிதம் மட்டும் அப்படி இல்லை. மார்ச் 31 இரவோடு அதற்கு ஆயுள் முடிந்துவிடும். ஏப்ரலில் புதிதாகத் தராவிட்டால், வங்கியின் கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் பிடிக்கத் தொடங்கிவிடும்.

அது ஏன் பிடிக்கிறது? டெபாசிட் வட்டி ஓர் அளவைத் தாண்டினால், அதில் 10 சதவீதத்தை வருமான வரிக்கான முன்பணமாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்பது வங்கிக்குச் சட்டம் போட்டிருக்கும் கடமை. 2025 ஏப்ரல் முதல் அந்த அளவு, அறுபது வயது ஆனவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய், மற்றவர்களுக்கு 50,000 ரூபாய். ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளிலும் உள்ள டெபாசிட்டுகளைச் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. மயிலாடுதுறைக் கிளையில் கொஞ்சம், கும்பகோணம் கிளையில் கொஞ்சம் என்று பிரித்துப் போட்டுத் தப்பித்த காலம் 2015-இலேயே முடிந்துவிட்டது. ஆர்.டி. வட்டியும் அந்த ஆண்டிலிருந்துதான் இதற்குள் வந்தது. சேமிப்புக் கணக்கு வட்டியில் மட்டும் டி.டி.எஸ். கிடையாது.

வங்கிக்குத் தெரிவது தன்னிடம் இருக்கும் வட்டி மட்டும்தான். சித்திக்கு மொத்த வருமானம் எவ்வளவு, அதற்கு வரி உண்டா என்பது அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வேலையும் அதற்கு இல்லை. "என் மொத்த வருமானத்துக்கு இந்த வருஷம் வரியே வராது, அதனால் பிடிக்க வேண்டாம்" என்று டெபாசிட்தாரரே உறுதிமொழி தந்தால் மட்டும் அது கையைக் கட்டிக்கொள்ளும். அந்த உறுதிமொழிதான், அறுபது ஆகாதவர்களுக்கு 15ஜி, அறுபது ஆனவர்களுக்கு 15எச் என்று இத்தனை காலம் நாம் சொல்லிவந்த படிவங்கள். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததில் இரண்டும் 121 என்ற ஒரே படிவமாகிவிட்டன. எண் மாறினாலும் அடியில் இருக்கும் கணக்கு பழையதுதான். கவுண்டரில் இருப்பவர்களும் இன்னும் சில வருஷம் 15எச் என்றுதான் சொல்வார்கள் என்பதால் நானும் அப்படியே சொல்கிறேன்.

சித்தியின் கணக்கையே பார்ப்போம். அவருக்கு வயது அறுபத்தெட்டு. சித்தப்பா பள்ளி ஆசிரியராக இருந்து மறைந்தவர், அதனால் குடும்ப ஓய்வூதியம் மாதம் 18,000, வருஷத்துக்கு 2,16,000. புதிய வரி முறையில் குடும்ப ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இவற்றில் எது குறைவோ அதைக் கழித்துக்கொள்ளலாம். இங்கே 25,000 கழிந்து 1,91,000 நிற்கிறது. சித்தப்பாவின் பணப்பயன்களில் 28 லட்சத்தை ஒரு வங்கியில் 7.5 சதவீதத்துக்குப் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வாங்குகிறார். அது வருஷத்துக்கு 2,10,000. இன்னொரு வங்கியில் 8 லட்சம், 7.25 சதவீதத்தில், வருஷ வட்டி 58,000. சேமிப்புக் கணக்கு வட்டி ஒரு 6,000. எல்லாம் கூட்டினால் 4,65,000.

இங்கேதான் பக்கத்து வீட்டு மாமா ஒருவர் குறுக்கிட்டார். "நாலு லட்சத்துக்கு மேல போயிடுச்சே, நீங்க 15எச் குடுத்தா தப்பாச்சே" என்று சித்தியைப் பயமுறுத்திவிட்டார். அவர் சொன்னதில் பாதி சரி. புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 8 லட்சம் வரை 5 சதவீதம். சித்திக்கு 65,000 ரூபாய்க்கு 5 சதவீதம், அதாவது 3,250 ரூபாய் வரி வருகிறது. ஆனால் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு 60,000 ரூபாய் வரை வரித் தள்ளுபடி உண்டு. அந்தத் தள்ளுபடியில் 3,250 காணாமல் போய், கட்ட வேண்டிய வரி பூஜ்யம் ஆகிறது.

அப்படித் தள்ளுபடிக்குப் பிறகு பூஜ்யம் ஆனாலும் 15எச் தரலாமா? இந்தக் கேள்வி 2019-இல் நிஜமாகவே பெரிய குழப்பமாக எழுந்தது. தள்ளுபடியை அந்த ஆண்டு 5 லட்சம் வருமானம் வரை உயர்த்தினார்கள். ஆனால் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டிய வருமானத்தைப் படிவத்தில் எழுதினால் வாங்கத் தயங்கினார்கள். கடைசியில் 2019 மே மாதம் மத்திய நேரடி வரிகள் வாரியம் படிவத்தின் குறிப்பையே திருத்தியது. தள்ளுபடியையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வரி பூஜ்யம் என்றால் படிவத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று அதில் சேர்த்தார்கள். எனவே மாமாவின் நாலு லட்சம் சித்திக்குத் தடை அல்ல. அவர் தாராளமாகத் தரலாம்.

ஆனால் இதே வரியைச் சித்தியின் தங்கைக்கு எழுத முடியாது. அவருக்கு வயது ஐம்பத்தேழு, விருப்ப ஓய்வு பெற்று வந்த பணத்தை அப்படியே டெபாசிட்டில் போட்டிருக்கிறார். வேறு வருமானமே இல்லை. வருஷ வட்டி 4,20,000. அக்காவை விட வருமானம் குறைவு. தள்ளுபடிக்குப் பின் வரி அவருக்கும் பூஜ்யம்தான். இருந்தும் 15ஜி தர அவருக்கு வழியில்லை. அறுபது ஆகாதவர்களுக்குச் சட்டம் இரண்டு நிபந்தனை வைக்கிறது. வரி பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. வட்டி வருமானம் மட்டுமே அடிப்படை விலக்கு வரம்பான 4 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது நிபந்தனை அறுபது ஆனவர்களுக்கு இல்லை. இருபதாயிரம் ரூபாய் கூடிப்போனதற்காக அந்த அம்மாவிடமிருந்து வருஷத்துக்கு 42,000 பிடித்து, பிறகு ரீஃபண்டாகத் திருப்பித் தருவார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. நிபந்தனை போட்ட காலத்தில் தள்ளுபடி என்பது இவ்வளவு பெரிதாக வளரவில்லை, இன்று அது வளர்ந்து நிற்கிறது, நிபந்தனை மட்டும் பழைய உயரத்திலேயே இருக்கிறது.

அவருக்கு வேறு வழி ஒன்று உண்டு. குறைந்த விகிதத்தில் பிடிக்கவோ பிடிக்காமல் விடவோ வருமான வரி அதிகாரியிடமே ஆன்லைனில் விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்கலாம். ஆனால் பழைய கணக்குகள், இந்த ஆண்டுக்கான உத்தேசம் எல்லாம் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலோர் அதற்குப் பயந்து ரீஃபண்டுக்கே காத்திருக்கிறார்கள். ஆறுதல் ஒன்று: அறுபது நிறைகிற நிதியாண்டின் ஏப்ரலிலேயே அவர் மூத்த குடிமக்கள் கணக்கில் வந்துவிடுவார். பிறந்தநாள் பிப்ரவரியில் இருந்தாலும் அந்த வருஷம் முழுவதும் அறுபது ஆனவராகத்தான் சட்டம் பார்க்கிறது.

சித்தியின் 5,250-க்கு வருவோம். நான் சொன்னதும் ஜூலை 9-ஆம் தேதி கிளைக்குப் போய்ப் படிவத்தைக் கொடுத்தார். "அப்போ பிடிச்சதைத் திருப்பிக் கணக்குல போட்டுடுங்க தம்பி" என்று கேட்டிருக்கிறார். கவுண்டரில் இருந்த பையன் பொறுமையாகத்தான் சொன்னானாம்: "அம்மா, ஜூன்ல பிடிச்சது ஏழாம் தேதியே கவர்மெண்டுக்குப் போயிடுச்சு. இனிமே பிடிக்க மாட்டோம், பிடிச்சதை நாங்க தர முடியாது." அவன் சொன்னது சரி. ஒரு மாதத்தில் பிடித்த டி.டி.எஸ்.ஸை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வங்கி அரசுக்குக் கட்டிவிட வேண்டும். அதன்பின் அந்தப் பணம் சித்தியின் பான் எண்ணுக்கு வரவு வைக்கப்பட்ட வரி. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் வெளியே வரும்.

எவ்வளவு நாளில் வரும் என்று பாருங்கள். 2025 ஜூனில் பிடித்த பணத்துக்கான கணக்கை 2026-இல்தான் தாக்கல் செய்ய முடியும். ஜனவரி முதல் மார்ச் வரைக்குமான டி.டி.எஸ். விவரத்தை வங்கிகள் மே 31 வரை தரலாம் என்பதால் 26ஏஎஸ் பட்டியல் முழுமையாக ஜூன் ஆகிவிடும். அதன்பின் தாக்கல், சரிபார்ப்பு, ரீஃபண்ட். ஆக ஒரு வருஷத்துக்கு மேல். தாமதத்துக்கு அரசு தரும் வட்டி மாதத்துக்கு அரை சதவீதம், அதாவது வருஷத்துக்கு 6. டெபாசிட்டில் சித்திக்குக் கிடைப்பதோ 7.5. இழப்பு சில நூறுதான். ஆனால் வட்டி வந்தால்தான் மளிகைக்கும் மாத்திரைக்கும் என்று இருக்கும் வீட்டில், அந்த 5,250 ஒரு மாத மருந்துச் சீட்டு.

படிவத்தில் சித்தி தடுமாறிய இடம் ஒன்றே ஒன்று. இரண்டு தொகைகளைத் தனித்தனியாகக் கேட்பார்கள். இந்த வங்கியிலிருந்து வரப்போகும் வட்டி எவ்வளவு என்பது ஒன்று, அதையும் சேர்த்து இந்த ஆண்டின் மொத்த வருமானம் எவ்வளவு என்பது இன்னொன்று. சித்தி இரண்டிலும் 2,10,000 என்றே எழுதியிருந்தார். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஓய்வூதியத்தை வங்கியிடம் ஏன் சொல்ல வேண்டும் என்ற தயக்கம் ஒரு காரணம், 'மொத்தம்' என்றால் இந்த வங்கியில் மொத்தம் என்று புரிந்துகொள்வது இன்னொரு காரணம். எழுத வேண்டியது முதல் இடத்தில் 2,10,000, இரண்டாவதில் 4,65,000. வேறு எங்காவது இதே படிவம் கொடுத்திருந்தால் அதன் எண்ணிக்கையும் தொகையும் கேட்பார்கள். இரண்டாவது வங்கியில் 58,000 தான், ஒரு லட்சத்தைத் தொடவில்லை, அங்கே படிவமே தேவையில்லை. எனவே அந்த இடத்தில் பூஜ்யம்.

பான் எண் இல்லாமல் தந்தால் படிவம் செல்லாது, 10-க்குப் பதில் 20 சதவீதம் பிடிப்பார்கள். கூட்டுக் கணக்கில் முதல் பெயர் யாருடையதோ அவர்தான் தர வேண்டும். மகன் பெயர் முதலில் இருந்து அம்மா கையெழுத்துப் போட்டால் பயனில்லை. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகள் தங்கள் என்.ஆர்.ஓ. டெபாசிட்டுக்கு இந்தப் படிவத்தைக் கேட்டு வருவார்கள். அவர்களுக்கு இது கிடையவே கிடையாது, இந்தியாவில் வசிப்பவர் என்று சட்டம் ஏற்பவருக்கு மட்டும்தான்.

படிவம் ஏறிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காகிதமாகக் கொடுத்தால் இன்னொரு நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆப்பிலோ நெட் பேங்கிங்கிலோ கொடுத்தால் ஓர் ஒப்புகை எண் வரும். ஆனால் என் அனுபவத்தில் இவற்றை விட நம்பகமானது முதல் வட்டி வரவுதான். 52,500 முழுசாக விழுந்தால் ஏறிவிட்டது, 47,250 விழுந்தால் ஏறவில்லை. வட்டியைக் கையில் வாங்காமல் அசலோடு சேரவிடும் டெபாசிட்டுகளில் இந்தச் சோதனை நடக்காது. அங்கே வட்டி கையில் வராவிட்டாலும் அந்தந்த ஆண்டு சேர்ந்த வட்டிக்கு வங்கி வரி பிடிக்கும். ஐந்து வருஷம் கழித்து முதிர்வுத் தொகை எதிர்பார்த்ததை விடக் குறைகிறது என்று வருபவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிக்காதவர்கள். அவர்கள் 26ஏஎஸ் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். ஏப்ரலில் படிவம் கொடுத்துவிட்டு அக்டோபரில் புது டெபாசிட் போடுபவர்கள், பழைய படிவம் புதியதையும் மூடுமா என்று கேட்டுவிட்டே வெளியே வரட்டும். வங்கிக்கு வங்கி இது மாறுகிறது.

இந்தப் படிவத்தைப் பற்றி ஊரில் உலவும் பெரிய தவறான எண்ணம் ஒன்று உண்டு. 15எச் கொடுத்துவிட்டால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் வேண்டாம் என்பது. சித்தியும் அப்படித்தான் நினைத்திருந்தார். தாக்கல் செய்ய வேண்டுமா என்பதை முடிவுசெய்வது தள்ளுபடிக்கு முந்தைய வருமானம். அது 4 லட்சத்தைத் தாண்டினால், வரி பூஜ்யமாக இருந்தாலும் தாக்கல் கட்டாயம். சித்தியின் 4,65,000 தாண்டுகிறது. ஆகவே சித்தி 15எச் தரவும் தகுதியானவர், ரிட்டர்ன் போடவும் கடமைப்பட்டவர். படிவம் நிறுத்துவது பிடித்தத்தை மட்டும்தான். வாங்கிய படிவங்களின் விவரத்தை வங்கி வருமான வரித் துறைக்கு அனுப்பிவிடுகிறது, வட்டித் தொகையும் ஏ.ஐ.எஸ். அறிக்கையில் ஏறுகிறது. மறைந்துபோகும் என்று யாராவது இந்தக் காகிதத்தை நம்பினால், உண்மையில் அவர்களே கையெழுத்துப் போட்டுக் காட்டிக்கொடுத்தவர்கள் ஆகிறார்கள்.

வரி உண்டு என்று தெரிந்தே தருபவர்களும் இருக்கிறார்கள். "எல்லாரும் குடுக்கறாங்க, நீங்களும் குடுங்க" என்று சில கிளைகளில் முகவர்களே சொல்வார்கள். தெரிந்தே பொய்யான உறுதிமொழி தந்தால் தண்டிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தப்பான படிவம் கையெழுத்திட்டவரின் பொறுப்பு, சிபாரிசு செய்தவரின் பொறுப்பு அல்ல.

நாணயமாகக் கொடுத்த படிவமும் நடு வருஷத்தில் பொய்யாகிப் போகலாம். சென்ற தீபாவளிக்குச் சித்தி வீட்டில் இந்தப் பேச்சு வந்தது. சித்தப்பா எப்போதோ வாங்கிப்போட்ட சின்ன மனை ஒன்றை விற்கலாமா என்று யோசனை. எனக்கு முதலில் மனைக்கு வரும் விலை நினைவுக்கு வரவில்லை, இந்தப் படிவம்தான் வந்தது. மனை விற்ற லாபத்துக்கு 12.5 சதவீதம் என்று தனி விகிதத்தில் வரி, 12 லட்சம் வரைக்கான அந்தத் தள்ளுபடி அதைத் தொடாது. ஒரு லட்சம் லாபம் வந்தாலும் 12,500 ரூபாய் வரி, மேலே அதற்கு நாலு சதவீத செஸ். மொத்த வருமானம் 12 லட்சத்துக்கு எவ்வளவு கீழே இருந்தாலும் வரி பூஜ்யம் இல்லை என்று ஆகிவிட்டால் ஏப்ரலில் எழுதிக் கொடுத்த உறுதிமொழி இனி உண்மை அல்ல. உத்தேசம் என்றுதான் படிவம் கேட்கிறது, நல்லெண்ணத்தில் எழுதிய உத்தேசம் மாறிப்போவது குற்றம் ஆகாது. ஆனால் மாறியது தெரிந்தபின் வங்கிக்கு எழுதிப் படிவத்தைத் திரும்பப் பெறுவதுதான் முறை. மனையை இந்த வருஷம் விற்க வேண்டாம் என்று சித்தி வேறு காரணத்துக்காக முடிவு செய்தார், பேரன் கல்யாணத்துக்கு வைத்திருக்கிறாராம்.

இந்த ஏப்ரல் 1 வங்கிக்குக் கணக்கு முடிப்பு நாள் என்பதால் சித்தி 2-ஆம் தேதி காலையிலேயே போய்விட்டார். புதுப் படிவத்தில் 121 என்று பார்த்ததும் "இது எனக்கானது இல்லை, 15எச் குடுங்க" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். அதே பையன்தான் விளக்கிச் சொல்லி நிரப்ப வைத்தானாம். முத்திரை போட்ட நகலைப் பாஸ்புக் உறைக்குள் மடித்து வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். போன வருஷத்து 5,250 எப்போது வரும் என்று கேட்டார். ஜூனில் பட்டியல் வந்ததும் ரிட்டர்ன் போட்டுவிடுகிறேன் என்றேன்.